வட்டி வந்தும் சேமிப்பு ஏன் தேய்கிறது: மெய் வருவாயைக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஓராண்டு நிலைவைப்பில் 1,00,000 போட்டவருக்கு, 7 சதவீத வட்டியுடன் ஆண்டு முடிவில் 1,07,000 கிடைக்கிறது. அதே ஆண்டில் விலைவாசி 6 சதவீதம் ஏறியிருக்கிறது. விலையேற்றத்தைவிட வட்டி ஒரு சதவீதம் அதிகம் என்பதால் தன் சேமிப்பு சற்றேனும் வளர்ந்திருக்கிறது என்று அவர் எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த வட்டிக்கு அவர் 20 சதவீத வருமான வரி செலுத்துபவராக இருந்தால் அவருடைய சேமிப்பு வளரவில்லை, சிறிது குறைந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இது எங்கும் தென்படாது. இதை நாமேதான் கணக்கிட்டுக் கண்டறிய வேண்டும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்த எவரும் இதைச் செய்ய முடியும். நாணயம் எதுவாயினும் முறை ஒன்றே என்பதால் கீழே வரும் தொகைகளை நாணயப் பெயர் இல்லாமலே தருகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். வங்கி அறிவிக்கும் 7 சதவீதம் பெயரளவு வட்டி. அது பணத்தின் எண்ணிக்கை எவ்வளவு கூடும் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்களின் அளவு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதைச் சொல்வது மெய் வருவாய். இந்த இரண்டுக்கும் இடையிலான உறவைத் தெளிவாக வகுத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர். கீழே படி 4-இல் நாம் பயன்படுத்தப்போவது அவருடைய சமன்பாட்டையே.

படி 1: கையில் வந்த வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் விளம்பரத்தில் உள்ள விகிதம் அல்ல, முதிர்வில் உண்மையாகக் கிடைத்த தொகை. ஆண்டுக்கு 7 சதவீதம் என்று சொல்லி வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்க்கும் வைப்பில், ஆண்டு முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 7.19 சதவீதமாக இருக்கும். மாறாக, வைப்பை இடையில் முறித்தால் அபராதம் போக விகிதம் குறைந்துவிடும். ஆகவே முதிர்வுத் தொகையிலிருந்து போட்ட தொகையைக் கழித்து, வந்த வட்டியை அறிந்துகொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வட்டி ஆண்டு முடிவில் ஒரே முறையில் வருவதாகக் கொள்வோம். எனவே அது 7,000.

படி 2: வரியைக் கழியுங்கள்

7,000-இல் 20 சதவீதம் 1,400. மீதி 5,600. வங்கி முன்கூட்டியே பிடித்தம் செய்த தொகையை மட்டும் வரி என்று கொள்வது பலர் செய்யும் தவறு. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த வட்டியின் மீது இறுதியாக எவ்வளவு வரி விழுகிறதோ அதையே கழிக்க வேண்டும். பிடித்தம் குறைவாக இருந்து, மீதி வரியைப் பின்னர் கட்ட நேர்பவரும் உண்டு. பிடித்ததைத் திரும்பப் பெறுபவரும் உண்டு. வரியே இல்லாதவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.

படி 3: அதே காலத்தின் விலையேற்றத்தைக் கண்டறியுங்கள்

இங்குதான் அதிகமான பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான நாடுகளில் புள்ளியியல் அலுவலகம் மாதந்தோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. வைப்பைத் தொடங்கிய மாதத்தின் எண்ணும் அது முதிர்ந்த மாதத்தின் எண்ணும் நமக்குத் தேவை. தொடக்கத்தில் 150.0, முடிவில் 159.0 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 9 என்பதால் விலை 9 சதவீதம் ஏறியது என்று சொல்லக் கூடாது. 159-ஐ 150-ஆல் வகுத்தால் 1.06 வருகிறது, ஏற்றம் 6 சதவீதம்தான்.

வைப்பைத் தொடங்கும் நாளில் செய்தியில் வரும் பணவீக்க விகிதம் கடந்து போன பன்னிரண்டு மாதங்களைப் பற்றியது. நம் பணம் முடங்கியிருக்கப்போவது வரவிருக்கும் பன்னிரண்டு மாதங்கள். பணவீக்கம் 4 சதவீதமாக இருந்த நாளில் 7 சதவீத வைப்பைத் தொடங்கிவிட்டு, மெய் வருவாய் 3 சதவீதம் உறுதி என்று நம்பியவர், அடுத்த ஆண்டில் விலை 6 சதவீதம் ஏறினால் ஏமாந்துபோவார். வட்டி முன்கூட்டியே நிச்சயமாகிவிடுகிறது. விலையேற்றமோ முடிந்த பிறகுதான் தெரிகிறது. வைப்புத் தொடங்கும்போது நாம் அறிவது எதிர்பார்க்கும் மெய் வருவாய் மட்டுமே. இந்த வேறுபாட்டை மறக்காதவர் பல ஏமாற்றங்களிலிருந்து தப்பிவிடுவார்.

இடையில் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாறியிருந்தால், பழைய வரிசையின் எண்ணையும் புதிய வரிசையின் எண்ணையும் நேரடியாக வகுக்கக் கூடாது. இரண்டையும் இணைக்கும் காரணியைப் புள்ளியியல் அலுவலகமே வெளியிடும். அதைக் கொண்டு ஒரே வரிசைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 4: கழிக்காமல் வகுங்கள்

வரி போக நம்மிடம் இருப்பது 1,05,600. இதை 1.06-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 99,623 வருகிறது. தொடக்க நாளின் விலையில் 1,00,000 மதிப்புள்ள பொருள்களை வாங்கியிருக்கக்கூடிய ஒருவர், ஓராண்டு காத்திருந்து வட்டியும் பெற்ற பிறகு, அதே விலையில் 99,623 மதிப்புள்ள பொருள்களையே வாங்க முடிகிறது. மெய் வருவாய் கழித்தல் 0.38 சதவீதம். வரி இல்லாதவருக்கு 1,07,000-ஐ 1.06-ஆல் வகுக்க 1,00,943 வரும். அவருக்குக் கிட்டத்தட்ட 0.94 சதவீதம் மெய் வருவாய் உண்டு.

வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழிக்கும் சுருக்கவழி, எண்கள் சிறியவையாக இருக்கும்போது விடைக்கு அருகில் வரும். விலையேற்றம் பெரிதாக இருக்கும் காலத்தில் அது விலகிச் செல்லும். கணினியில் விரிதாள் பயன்படுத்துபவர் B1-இல் 7% என்பதுபோலச் சதவீதக் குறியோடு ஆண்டு வட்டி விகிதம், B2-இல் அதேபோல வரி விகிதம், B3-இல் தொடக்கக் குறியீட்டெண், B4-இல் முடிவுக் குறியீட்டெண் ஆகியவற்றை இட்டு, கீழுள்ள வரியைத் தட்டச்சு செய்தால் போதும்.

```
=(1+B1*(1-B2))/(B4/B3)-1
```

வரி எதன் மீது விழுகிறது என்பதே முடிச்சு

சாதாரண சேமிப்பாளர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல் என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 7,000 வட்டியில் ஏறத்தாழ 6,000, அசலின் தேய்மானத்தை ஈடுகட்ட வந்த தொகை. எஞ்சிய 1,000 தான் உண்மையான ஆதாயம். வருமான வரிச் சட்டங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை. அவை 7,000 முழுவதையும் வருமானமாகக் கருதி 1,400 வரி வாங்குகின்றன. ஆயிரம் ஆதாயத்துக்கு ஆயிரத்து நானூறு வரி என்றால், எஞ்சுவது இழப்புதானே.

இப்போது விலையேற்றம் வெறும் 2 சதவீதமாகவும் வட்டி 3 சதவீதமாகவும் உள்ள வேறோர் ஆண்டை எண்ணிப் பாருங்கள். இங்கும் வட்டி விலையேற்றத்தைவிட ஒரு சதவீதப் புள்ளி அதிகம். வட்டி 3,000, வரி 600, மீதி 2,400. 1,02,400-ஐ 1.02-ஆல் வகுத்தால் 1,00,392. மெய் வருவாய் நேர்மறையாக, 0.39 சதவீதமாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளிலும் இடைவெளி ஒன்றே. வரி விகிதமும் ஒன்றே. ஆயினும் 7 சதவீதம் தந்த ஆண்டில் சேமிப்புத் தேய்ந்தது, 3 சதவீதம் தந்த ஆண்டில் வளர்ந்தது. உயர்ந்த வட்டி விகிதத்தைக் கண்டு மகிழ்ந்து, தாழ்ந்த விகிதத்தைக் கண்டு வருந்தும் நம் வழக்கம் எவ்வளவு தவறான வழிகாட்டி என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

சேமிப்புத் தேயாமல் நிற்க எவ்வளவு வட்டி வேண்டும் என்பதையும் இதிலிருந்தே பெறலாம். பணவீக்க விகிதத்தை, வரி போக நம்மிடம் எஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும். பணவீக்கம் 6 சதவீதம், வரி 20 சதவீதம் என்றால் 6-ஐ 0.8-ஆல் வகுக்க 7.5 சதவீதம். வரி 30 சதவீதமானால் 8.57 சதவீதம். விலையேற்றம் ஒரு புள்ளி கூடும்போது வட்டியும் ஒரு புள்ளி மட்டும் கூடினால் வரி செலுத்துபவருக்கு அது போதாது என்பதைப் பொருளியலாளர் மைக்கேல் டார்பி 1975-இல் கோட்பாடாகவே எழுதினார். ஆனால் நடைமுறையில் வங்கிகளின் வைப்பு வட்டி அந்த ஒரு புள்ளி அளவுக்குக்கூட உடனே கூடுவதில்லை.

வட்டி ஏன் பின்தங்குகிறது

வைப்பு வட்டியை நிர்ணயிக்கும்போது வங்கி விலைவாசியைப் பார்ப்பதில்லை. கடன் கொடுக்கத் தனக்கு எவ்வளவு நிதி தேவை, அந்த நிதி வேறு எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும், வட்டியை உயர்த்தாவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவாரா ஆகியவற்றையே பார்க்கிறது. கடைசிக் கேள்விக்கான விடை பெரும்பாலும் ‘போகமாட்டார்’ என்பதே. சம்பளம் வரும் கணக்கையும் தவணை கழியும் கணக்கையும் அரை சதவீதத்துக்காக யாரும் எளிதில் மாற்றுவதில்லை. திமோத்தி ஹானனும் ஆலன் பெர்கரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, சந்தை வட்டி ஏறும்போது வங்கிகள் வைப்பு வட்டியை மெதுவாகவே உயர்த்துகின்றன, இறங்கும்போதோ விரைந்து குறைக்கின்றன என்பதைக் காட்டியது. சேமிப்புக் கணக்கில் பணத்தை அப்படியே விட்டுவைப்பவர் இந்த மெத்தனத்தின் முழு விலையையும் கொடுக்கிறார்.

இரண்டாவது தாமதம் மத்திய வங்கியிலிருந்து வருகிறது. விலை ஏறியது புள்ளிவிவரத்தில் தெரிந்து, அது தற்காலிகமானதா நிலையானதா என்று ஆராய்ந்த பிறகே கொள்கை வட்டி உயர்கிறது. அமெரிக்க மத்திய வங்கி அண்மைய விலையேற்றத்தை அடக்க முதல் வட்டி உயர்வை 2022 மார்ச்சில் செய்தபோது, நுகர்வோர் விலை ஓராண்டில் 8.5 சதவீதம் ஏறிவிட்டிருந்தது. யூரோ நாடுகளின் மத்திய வங்கி, வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்கான வைப்பு விகிதத்தை 2022 ஜூலை வரை கழித்தல் 0.5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. அப்போது அங்கு விலையேற்றம் 9 சதவீதத்தை நெருங்கியிருந்தது.

சில காலங்களில் அரசே வட்டிக்கு உச்சவரம்பு விதித்ததும் உண்டு. அமெரிக்காவில் 1930-களில் தொடங்கிய அத்தகைய வரம்பின் கீழ், 1980-இல் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 5.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தர எந்த வைப்பு நிறுவனத்துக்கும் அனுமதி இல்லை. அந்த ஆண்டின் பணவீக்கம் 13.5 சதவீதம். விவரம் அறிந்தவர்கள் இந்த வரம்புக்கு உட்படாத பணச்சந்தை நிதிகளுக்குப் பணத்தை மாற்றிக்கொண்டார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள் இழந்தார்கள். வைப்புகளுக்கான அந்த உச்சவரம்புகள் 1986-க்குள் படிப்படியாக நீக்கப்பட்டன.

எதிர்த்திசையும் நிகழ்வதுண்டு. 2009-இல் ஜப்பானில் வைப்பு வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. ஆனால் விலைகள் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கின. எதுவுமே சேராத கணக்கில் கிடந்த பணத்தால் அந்த ஆண்டு முன்பைவிடக் கூடுதலாக வாங்க முடிந்தது.

வட்டியை வாங்கிச் செலவிடுபவர் செய்ய வேண்டிய கணக்கு

பணி ஓய்வுக்குப் பின் வட்டியைக் கொண்டு வாழ்பவர்களுக்கே மெய் வருவாய் மிகவும் முக்கியம், ஆனால் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் இது சொல்லப்படுவதில்லை. 10,00,000 அசல் உள்ள ஒருவர் 7 சதவீத வட்டியில் வரி போக ஆண்டுக்கு 56,000 பெறுகிறார். அசலைத் தொடவில்லை, வட்டியை மட்டுமே உண்கிறேன் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். விலையேற்றம் 6 சதவீதமாக இருக்கும் ஆண்டில், அசலின் வாங்கும் திறன் குறையாமலிருக்க அவர் 60,000-ஐ அசலோடு சேர்க்க வேண்டும். கையில் வந்ததோ 56,000. அதாவது அவர் செலவிட்ட ஒவ்வொரு காசும் அசலின் துண்டுதான்.

இது பத்தாண்டுகள் தொடர்ந்தால் என்ன ஆகும்? அசல் புத்தகத்தில் 10,00,000 ஆகவே இருக்கும். அதன் வாங்கும் திறன் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5,58,000 ஆகிவிடும். ஆண்டு வட்டியான 56,000 இன்றைய 31,000 அளவுக்கே பொருள் வாங்கும். வட்டியை எடுக்காமல் முழுவதையும் மறுபடி வைப்பில் சேர்த்தவர்கூட, தொடக்கத்தில் போட்ட ஒவ்வொரு 1,00,000-க்கும் பத்தாண்டு முடிவில் 1,72,440-ஐப் பார்ப்பார். அதன் இன்றைய மதிப்பு 96,290 தான்.

2 சதவீத விலையேற்றமும் 3 சதவீத வட்டியும் உள்ள காலத்தில் அதே அசலுக்கு வரி போக 24,000 வரும். 20,000-ஐ அசலில் சேர்த்துவிட்டு 4,000-ஐ மனச்சுமை இல்லாமல் செலவிடலாம். வட்டியை மட்டும் கொண்டு வாழ்வது என்பது எவ்வளவு பெரிய அசலைக் கேட்கிறது என்பது இங்கே தெரிகிறது. அசலையும் சிறிது சிறிதாகக் கரைத்தே வாழ வேண்டியிருக்கிறது என்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது, அது எத்தனை ஆண்டுகளுக்குப் போதும் என்று அறிந்து கரைப்பது வேறு, அறியாமல் கரைப்பது வேறு.

இவர்கள் பொதுக் குறியீட்டெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அது எல்லாக் குடும்பங்களின் செலவுக்கும் சராசரி. தன் செலவில் 40 சதவீதம் வாடகைக்கும், 35 சதவீதம் உணவுக்கும், 25 சதவீதம் மற்றவற்றுக்கும் போகிறது, அவை முறையே 8, 6, 2 சதவீதம் ஏறின என்று அறிந்தவர், ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டினால் 3.2, 2.1, 0.5 சேர்ந்து 5.8 சதவீதம் வரும். மருத்துவச் செலவு மிகுந்த முதியவரின் எண் இதிலிருந்து வெகுவாக விலகலாம். வீட்டுச் செலவுக் குறிப்பு வைத்திருப்பவர் ஒருமுறையேனும் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

இதை அறிந்து என்ன செய்வது

முதலில் கடன்களைப் பாருங்கள். 12 சதவீத வட்டிக் கடன் ஒருபுறமும் 7 சதவீத வைப்பு மறுபுறமும் இருந்தால், வைப்பைக் கொண்டு கடனை அடைப்பதே வரி இல்லாத, உறுதியான 12 சதவீத வருவாய். எந்த வைப்பும் இதற்கு ஈடாகாது. கடனை முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட நாள் பணத்துக்கு, விலைக் குறியீட்டெண்ணோடு அசலே உயரும் அரசுக் கடன்பத்திரங்கள் சில நாடுகளில் உள்ளன. பிரிட்டன் 1981-இலும் அமெரிக்கா 1997-இலும் இவற்றை வெளியிடத் தொடங்கின. முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு இவை விலையேற்றத்துக்கு எதிரான நேரடிக் காப்பு. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அமெரிக்காவில் அசலின் உயர்வு கைக்கு வருமுன்பே அந்தந்த ஆண்டு வரிக்கு உட்படுகிறது; ஆகவே நாம் மேலே கண்ட வரிச் சிக்கலிலிருந்து இவையும் முழுமையாகத் தப்பவில்லை. இடையில் விற்க நேர்ந்தால் அன்றைய சந்தை விலைதான் கிடைக்கும். 2022-இல் விலைவாசி உச்சத்தில் இருந்தபோதே வட்டி விகிதங்கள் ஏறியதால் இத்தகைய நெடுங்காலப் பத்திரங்களின் சந்தை விலை பெரிதும் சரிந்தது.

வட்டி ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் எல்லாவற்றையும் ஐந்தாண்டு வைப்பில் பூட்டிவிடுவதற்குப் பதிலாக, தொகையை மூன்றாகப் பிரித்து ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு வைப்புகளில் இட்டால், ஆண்டுதோறும் ஒரு பகுதி முதிர்ந்து புதிய விகிதத்தைப் பெறும். வட்டி இறங்கும் காலத்தில் இதே ஏற்பாடு சற்று நட்டம் தரும் என்பதையும் ஏற்றுக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

அவசரத்துக்கென ஒதுக்கிய பணத்தின் கணக்கு வேறு. அதற்கு நேர்மறையான மெய் வருவாய் தேடுவது வீண். தேவைப்படும் நாளில் குறையாமல் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதன் எதிர்மறை மெய் வருவாயை அந்த வசதிக்கான கட்டணமாகக் கருதி, கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். ஆறு மாதச் செலவுக்கான 3,00,000-ஐ 3 சதவீத வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் வைத்தால், வரி போக 2.4 சதவீதம் கிடைக்கும். 6 சதவீத விலையேற்றத்தில் ஆண்டு இழப்பு வாங்கும் திறனில் ஏறத்தாழ 10,190. ஒரு மாதச் செலவான 50,000-ஐ மட்டும் சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு, மீதி 2,50,000-ஐ எப்போது வேண்டுமானாலும் முறிக்கக்கூடிய 7 சதவீத ஓராண்டு வைப்புகளாக, ஒவ்வொன்றும் 50,000 வீதம் ஐந்தாகப் பிரித்துப் போட்டால், மொத்த இழப்பு 2,640 அளவில் நின்றுவிடும். ஒரு மாதத் தேவைக்கு ஒரு வைப்பை மட்டும் முறித்தால் போதும் என்பதால், அபராதமும் அந்த ஒன்றின் வட்டியில்தான் விழும்.